கல்லும் தண்ணீரும் பற்றி ஒரு மகஜர்

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்துக்கு மைதானம் என்று ஒன்று இருந்தது. ஐப்பசி பிறந்தால் தை முடியும் வரை அது குட்டை. மற்ற மாதங்களில் கல்லுக்காடு. ஆனால் போர்டு ஆபீஸ் காகிதங்களில் வருஷம் முழுக்க அது மைதானம்தான்.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். பூந்தமல்லிக்கு வடக்கே, ரஸ்தாவை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர் அது. பள்ளிக்கூடம் ஜில்லா போர்டுக்குச் சொந்தம். கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, வாத்தியார்கள் நாங்கள் நாலு பேர், எல்லாம் போர்டுக்குச் சொந்தம். எட்டாம் வகுப்பு வரை நடந்தது. முன்னொரு காலத்தில் ரஸ்தாவுக்குக் கப்பி போட அங்கேதான் சரளை வெட்டினார்களாம். வெட்டி முடித்ததும் பள்ளம் மிஞ்சியது. அந்தப் பள்ளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஏதோ ஒரு புண்ணியவான், சரி, குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். பள்ளத்தின் ஒரு கரையில் பள்ளிக்கூடம், மறுகரையில் ஊர்ப்பாதை. ஆக, விளையாடப் பிரியமில்லாத பிள்ளையும் அதில் இறங்கித்தான் படிப்புக்கு வந்து சேர வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் அம்பத்தூர்ப் பக்கம். டிரெயினிங் முடித்த கையோடு வந்தவன் என்பதால் உடம்பில் தெம்பு இருக்கும் என்று டிரில் வகுப்பையும் என் தலையில் கட்டினார்கள். வாரத்துக்கு இரண்டு முறை பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையைத் தூக்கு, காலை விரி, ஓடு என்று சொல்ல வேண்டும். கையைத் தூக்குவது வரை ஆபத்தில்லை. ஓடு என்று சொன்னால்தான் ரத்தம் வரும். என் மேஜை டிராயரில் சாக்பீஸை விட டிங்சர் பஞ்சுதான் அதிகம் இருந்தது. முழங்கால் தேயாத பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. வெயில் காலத்தில் கல் கண்ணுக்குத் தெரியும், பார்த்து ஓடலாம். மழைக்காலத்தில் அதே கல் தண்ணீருக்கடியில் பாசி பிடித்துக் காத்திருக்கும்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். சேரியிலிருந்து வந்தவள். அந்தப் பக்கத்திலிருந்து பெண் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு தாண்டியதே பெரிய சங்கதி, இவள் ஐந்து வரை வந்துவிட்டாள். கணக்கில் புலி. நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, நான் திணறுவதை வேடிக்கை பார்ப்பாள். எனக்குக் கோபம் வரும், சந்தோஷமும் வரும். அப்பா இல்லை. அம்மா நாற்று நட, களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் ஒரு காலை, சிலேட்டுப் பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தவள் கல் வழுக்கி விழுந்தாள். பலகை நனையாமல் இருக்க வேண்டும் என்று அதை விடாமல் பிடித்திருக்கிறாள். வலது மணிக்கட்டு கல்லில் மோதி உடைந்தது. குமணன்சாவடிப் பக்கத்தில் எலும்பு வைத்துக் கட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டினார். கட்டு அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் கொஞ்சம் கோணலாக.

அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாத்தியார் சேரிக்குள் போகிறார் என்று ஊர்த் தெருவில் நாலு பேர் வெளியே வந்து பார்த்தார்கள். போகட்டும், அதுவும் ஒரு பொழுதுபோக்கு அவர்களுக்கு.

அம்மாக்காரி கையில் அரிவாளோடு நின்றிருந்தாள். நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அவள் சொன்னாள்.

"அந்தக் கல்ல எடுங்கோ வாத்தியாரே. தண்ணி போறதுக்கு ஒரு வழி பண்ணுங்கோ. அப்பால இட்டாந்து உடறேன்."

"மைதானத்துக்கே அவளை அனுப்ப மாட்டேன்மா. வகுப்பில் உட்கார வைக்கிறேன்."

"வகுப்புக்கு இன்னா மேலால பறந்தா வருவா? அதுல எறங்கித்தான வரணும்? இன்னொரு தபா விழுந்து கை போச்சின்னா நாத்து எப்டி நடுவா? எங்களுக்குக் கைதான் கீது, வேற இன்னா கீது?"

"செய்துவிடலாம்மா. போர்டுக்கு எழுதினால் நடந்துவிடும்" என்றேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். பயந்தவர். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் எந்த வேலையும் நகராது. போர்டிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு போர்டைப் பற்றியே புகார் எழுதக் கூடாது என்றார். வாத்தியார் எழுத வேண்டுமென்றால் டெபுடி இன்ஸ்பெக்டர் வழியாகப் போக வேண்டும். அவர் பார்த்து மேலே அனுப்பி, அது படிப்பு இலாகாவைச் சுற்றிக்கொண்டு போர்டுக்கு வருவதற்குள் இந்தப் பெண்ணுக்குப் பேரன் பிறந்துவிடுவான். "ஊர் ஜனங்க எழுதினா ஏன்னு யாரும் கேக்க முடியாதுப்பா. மகஜரா எழுதச் சொல்லு. ஆனா உன் கையெழுத்து எங்கேயும் தெரியக் கூடாது, என் பேரும் வரக் கூடாது" என்றார்.

நான் ஒரு பக்கத்தில் எழுதினேன். மைதானம் பள்ளம், தண்ணீர் தேங்குகிறது, கல் அதிகம், ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி விழுந்து மணிக்கட்டு உடைந்தது, கல்லை அகற்றி மண் கொட்டி வடிகால் வெட்டித் தர வேண்டும். அவ்வளவுதான். கோயிலுக்கு எதிரே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் எல்லாரும் சாவுச் சேதி சொன்னதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாப்பா இது?" என்றார் ஒரு மிராசுதார். "எடுத்த எடுப்புல கல்லு, தண்ணின்றே. ஒரு மருவாத வேணாம்? அவுரு யாரு? போர்டு பிரசிடெண்டு. நம்ம ஊர்க் காலுவாய்க்கு அவுரு கையெழுத்துப் போடணும். இத்தப் பாத்தா இவனுங்க நம்மகூட சண்டைக்கி வரானுங்கன்னு நெனப்பாரு."

ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் பக்கத்திலேயே இருந்தார். மகஜர் எழுதுவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்று பேர். என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். சோற்றில் கல் அகப்பட்டதுபோல் முகத்தைச் சுளித்தார். "நான் சரி பண்றேன். விஷயத்தத் தொட மாட்டேன். முன்னால ரெண்டு வரி சேக்கறேன், அவ்ளோதான்" என்றார்.

மறுநாள் அந்த இரண்டு வரி மூன்று பக்கமாக வந்தது. 'மகாராஜராஜஸ்ரீ கனம் பொருந்திய பிரசிடெண்டு அவர்கள் திவ்ய சமுகத்துக்கு' என்று ஆரம்பித்தது. கல்விக்கண் திறந்த வள்ளல் என்றது. தாங்கள் மனமுவந்து அளித்த விசாலமான மைதானத்தில் எங்கள் குழந்தைகள் துள்ளி விளையாடும் காட்சியைக் கண்டு இவ்வூர் மகாஜனங்களாகிய நாங்கள் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறோம் என்றது. மூன்றாம் பக்கத்தின் அடியில், 'ஆயினும்' என்று தொடங்கி, மழைக்காலத்தில் சிறிது ஈரமும் ஆங்காங்கே சில கற்களும் காணப்படுவதாகச் சிறுவர்கள் சொல்வதால் சமுகத்தின் சித்தம் எப்படியோ அப்படி என்று முடிந்தது.

"மணிக்கட்டு உடைந்த விஷயம் எங்கே?" என்றேன்.

"அது ஒரு தனி ஆளு விஷயம் பாரு. அதுவும் அந்தத் தெரு. ஊர் மகஜர்ல எதுக்கு?" என்றார் கர்ணம். குரலில் கொஞ்சமும் கடுமை இல்லை. எனக்கு நல்லது சொல்கிற தோரணையில்தான் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஊரார் கையெழுத்து இல்லாமல் காகிதம் போகாது. வாயை மூடிக்கொண்டேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் கட்டை விரலை உருட்டினார்கள். சேரியில் யாரிடமும் கேட்கவில்லை. உடைந்த கைக்கு உரியவர்களைத் தவிர ஊரே சேர்ந்து மகஜர் அனுப்பியது.

பொங்கல் கழிந்து பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னார்கள். மறுபடியும் கோயிலுக்கு எதிரே கூட்டம். மைதானத்துக்கு ஊரார் தெரிவித்திருக்கும் நன்றி, போர்டு கூட்டத்தில் வாசிக்கப்பட்டுப் பதிவு செய்யப்பட்டது. பிரசிடெண்ட் மிகவும் சந்தோஷப்பட்டார். இப்படி உபயோகமாகும் மைதானத்தை ஊக்குவிக்கும் பொருட்டு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கால்பந்து வழங்க உத்தரவாகியிருக்கிறது.

நான் படித்து முடித்ததும் மிராசுதார் தொடையில் தட்டினார். "பாத்தியா வாத்தியாரே? நீ எழுதுனத அனுப்பியிருந்தா பந்து வந்திருக்குமா?"

பந்து வந்தது. நல்ல பந்து, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை ஓடு என்று நான் சொன்னால்தான் ஓடுவார்கள். இப்போது யாரும் சொல்லாமலே ஓடினார்கள். ஒரே வாரத்தில் என் டிங்சர் புட்டி காலி. ஒருவனுக்குப் பல் போயிற்று, ஒருவனுக்குப் புருவம் கிழிந்தது. தலைமை ஆசிரியர் கலவரப்பட்டு, ஓடி வந்து, பந்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகள் அடிபட்டதற்காக இல்லை. பந்து போர்டு சொத்து, கல்லில் கிழிந்தால் விளக்கம் எழுத வேண்டும்.

அந்தப் பெண்ணின் பேருக்கும் இதற்குள் ஆபத்து வந்துவிட்டது. சேர்ந்தாற்போல் பள்ளிக்கு வராத பிள்ளையின் பேரை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. தலைமை ஆசிரியர் எனக்காக ஒரு மாசம் தள்ளிப் போட்டார், இன்னொரு மாசமும் தள்ளிப் போட்டார். பிறகு, இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று சொல்லிச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். "மைதானம் சரியானா திரும்பச் சேத்துக்கலாம்ப்பா, ஒரு தடையும் இல்ல" என்றார். ஆக, எல்லாம் அந்தப் பள்ளத்தில் வந்து நின்றது.

நான் லீவு போட்டுவிட்டு போர்டு ஆபீஸுக்கே போனேன். பஸ் பிடித்து, இறங்கி, நடந்து, விசாரித்து, கடைசியில் ஹெட் கிளார்க் முன்னால் போய் நின்றேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் என்னை உட்காரச் சொன்னார். வெற்றிலைப் பெட்டியைக் கூட என் பக்கம் தள்ளி வைத்தார். அங்கே எனக்கு மரியாதைக் குறைவு ஒன்றும் நடக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

"ஐயா, அது நன்றிக் கடிதம் இல்லை. புகார்" என்றேன்.

அவர் மகஜர் இருந்த காகிதக் கட்டை வரவழைத்துப் பார்த்தார். "தபால் வந்ததும் குமாஸ்தா முதல் பக்கத்தைப் பாத்துச் சுருக்கம் எழுதுவான் சார். ஒரு நாளைக்கு எத்தனை தபால் தெரியுமா? முதல் பக்கத்துல ஆனந்தக் கண்ணீர்னு இருக்கு. அவன் என்ன எழுதுவான்?"

"மூன்றாம் பக்கத்தில் 'ஆயினும்' என்று இருக்கிறதே."

"இருக்கு. நான் இல்லைங்கலை." அவர் நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். "ஆனா இது கூட்டத்துல வாசிச்சாச்சு. பதிவும் ஆயாச்சு. நல்லா இருக்குன்னு ஊர்க்காரங்களே எழுதின மைதானத்தை நல்லா இல்லைன்னு நாங்க எப்படிச் சொல்றது? அவங்க முதல்ல அந்த நன்றியை வாபஸ் வாங்கணும். வாங்கிட்டாங்கன்னா புகாரை எடுத்துக்கலாம்."

நன்றியை வாபஸ் வாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து பெரியவர்களிடம் சொன்னேன். மிராசுதார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வடிச்ச கண்ணீர திருப்பி உள்ள இஸ்துக்கச் சொல்றியா? பந்து வேற வாங்கிக்கினோம். நாளிக்கி அவுரு மூஞ்சில எப்டி முழிப்பேன்?" என்றார். தன் நடை போர்டு கூட்டத்தில் வாசிக்கப்பட்டதே என்கிற பூரிப்பு கர்ணத்தின் முகத்தில் இன்னும் காயாமல் இருந்தது.

சேரிக்குப் போனேன். இந்தத் தடவை சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது. நன்றி, பந்து, வாபஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் கோணல் கையால் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டாள். பந்து என்றதும் சிரித்துவிட்டாள். அம்மாக்காரி சிரிக்கவில்லை.

"நன்றி சொன்னது அவுங்கோ. நா சொல்லல்லயே?" என்றாள்.

"இல்லை."

"அப்ப நா ஒண்ணும் திருப்பி வாங்க வேணாமே?"

எனக்குப் பொறி தட்டியது. மகஜர் ஊரே சேர்ந்துதான் அனுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரே ஒரு ஆளும் அனுப்பலாம். நாங்கள் யாருமே அதை யோசிக்கவில்லை, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் தனி ஆள் எதையும் எழுதிக் கேட்கும் வழக்கமே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். தான் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னாள் அம்மாக்காரி. என் மகள் பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து கை உடைந்தது. அங்கே தண்ணீர் நிற்கிறது. கல் இருக்கிறது. கல்லை எடுத்து மண் போட்டுத் தண்ணீருக்கு வழி விட்டால் அவளை அனுப்புவேன். இப்படிக்கு. கீழே விரலை வைத்தாள். கனம் பொருந்திய என்றாவது ஒரு சொல் மேலே போடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? அவுரு இன்னா எனக்கு மாமனா மச்சானா?" என்றாள்.

சுருக்கம் எழுதும் குமாஸ்தாவுக்கு இந்தத் தடவை எந்தத் தொல்லையும் இல்லை. மகஜரே சுருக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. கோடை லீவுக்கு முன்னாலேயே ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

சித்திரை வெயில். மைதானம் எலும்பு போல் காய்ந்து கிடந்தது. ஓவர்சியர் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தார். "தண்ணி எங்கே சார்?" என்றார் என்னிடம். எனக்கு அவர் கழுத்தை நெரித்துவிடலாம் போல் இருந்தது. நல்ல வேளை, அம்மாக்காரி வந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடப் படிக்கட்டுப் பக்கம் போய், சுவரில் பாசி காய்ந்து கறுத்திருந்த கோட்டைத் தொட்டுக் காட்டினாள். முழங்காலுக்கு மேல் இருந்தது கோடு. ஓவர்சியர் குனிந்து பார்த்தார், அளவுச் சங்கிலியை எடுத்தார், அளந்தார். பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. எவ்வளவு கல் எடுக்க வேண்டும், எவ்வளவு செம்மண் வேண்டும், ஓடை வரை வடிகால் எப்படிப் போக வேண்டும், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எடுக்கிற கல்லை ரஸ்தாவுக்குக் கொடுத்துவிட்டால் செலவு குறையும் என்றார். முன்பு வெட்டி ரஸ்தாவுக்குப் போன கல்லுக்கு இங்கே மிஞ்சிய தம்பிமார்கள்தானே இவர்கள், போகட்டும், அவர்களும் ரஸ்தாவைப் பார்க்கட்டும்.

"எப்போ சார் நடக்கும்?" என்றேன்.

"எஸ்டிமேட் போட்டு அனுப்பறேன். இன்ஜினீயர் பாக்கணும். இந்த வருஷ பட்ஜெட் முடிஞ்சுது. அடுத்ததுல சேத்தா உண்டு."

அடுத்ததில் சேர்க்கவில்லை. கிணறு ஒன்று முந்திக்கொண்டது. அதற்கடுத்ததில் சேர்த்தார்கள். சாங்ஷன் ஆகி, டெண்டர் விட்டு, ஒரு காண்டிராக்டர் எடுத்து, அவர் இன்னொரு வேலையை முடித்துவிட்டு வருவதற்குள் இரண்டு மழைக்காலம் அந்தப் பள்ளத்தில் நிறைந்து வடிந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு எரிச்சல். ஒவ்வொருவரும் அவரவர் வேலையை முறையாகத்தான் செய்தார்கள். நான் ஒவ்வொரு பருவமும் சேரிக்குப் போய், இதோ வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசகப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தேன். அதை அவள் எத்தனை தடவை படித்தாளோ, பக்கங்கள் பூப்போல் ஆகிவிட்டன. அம்மாக்காரி என் மேல் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு பங்குனி மாதம், அறுப்பு ஓய்ந்த சமயம், வேலை ஆரம்பித்தது. நான் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மண் வண்டிகள் வந்து நின்றன. மேஸ்திரி இருபது இருபத்தைந்து கூலிகளை இறக்கினான், பாதிக்கு மேல் பெண்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிள்ளைகளிடம், "பாருங்கடா, உங்களுக்காகத்தான்" என்றேன்.

கூலிகளில் ஒருத்தி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஜன்னலைத் தாண்டிப் போனாள். இடது கையால் பிடித்திருந்தாள். வலது மணிக்கட்டு கோணலாக இருந்தது.

பாடத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினேன். வளர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கூடையோடு நின்று சிரித்தாள். "வாத்தியாரே, நம்ம கல்லுதான். நானே எடுக்கறேன்" என்றாள். கொஞ்ச தூரத்தில் அவள் அம்மா குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பதினைந்து இருபது நாள் வேலை நடந்தது. அந்தப் பெண் கல்லைக் கணக்காகக் குவியல் போட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை கூடை என்று மேஸ்திரிக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் எண்ணத் தெரியாமல் திணறும்போது வேடிக்கை பார்ப்பாள். ஜன்னலுக்கு உள்ளே நான் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து ஒருநாள் விடை வந்தது. உள்ளே இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல் எல்லாம் போயிற்று. செம்மண் கொட்டி, உருளை விட்டு அழுத்தி, ஓடை வரைக்கும் வடிகால் வெட்டி முடித்தார்கள். நிஜமாகவே நல்ல வேலை. வேலை திருப்திகரம் என்று தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சாயங்காலம் கூலிகள் கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் அம்மாக்காரியிடம் போனேன்.

"முடிந்துவிட்டதும்மா. நீ சொன்ன மாதிரியே கல்லும் இல்லை, தண்ணீரும் நிற்காது. நாளைக்கே கூட்டிக்கொண்டு வா. தலைமை ஆசிரியர் பேரைத் திரும்ப எழுதிக்கொள்வார், நான் பேசிவிட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெடுநேரம் தரையைப் பார்த்தாள், நல்ல, சமமான, சிவந்த தரை.

"நா சொன்ன சொல்லு மாறல வாத்தியாரே. நீங்க கேட்டீங்கன்னா இப்பவே உட்டுட்டுப் போறேன். ஆனா மேஸ்திரி அவளுக்குப் பெரிய ஆளு கூலி குடுக்கறான், அவ கணக்குப் பாக்கறாளேன்னு. ரெண்டு வருசமா எங்க ஊட்ல ரெண்டு வேளை அடுப்பு எரியறது இப்பத்தான். நீங்களே சொல்லுங்கோ. கேக்கறேன்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எனக்கு நூறு பதில் இருந்திருக்கும். அவளும் காத்திருந்தாள், பதிலுக்குத்தான் காத்திருந்தாள், நான் ஏதாவது சொல்லிவிட மாட்டேனா என்று. என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதற்காக என்னை நானே இன்று வரை மன்னிக்கவும் இல்லை, வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று கண்டுபிடிக்கவும் இல்லை.

மேஸ்திரி கூப்பிட்டான். பெண் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆவடி பக்கம் வாத்தியாரே. அங்கயும் ஒரு பள்ளிக்கூடமாம். அங்கயும் இப்டியே பள்ளமாம். அத்த முட்ச்சிட்டு இன்னொண்ணு கீதாம்" என்றாள். குரலில் சந்தோஷம்தான் இருந்தது. புதிய ஊர்களைப் பார்க்கப் போகிற பெண்ணின் சந்தோஷம்.

மறுநாள் டிரில் வகுப்பு. தலைமை ஆசிரியர் அலமாரியைத் திறந்து பந்தை வெளியே கொடுத்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஓடு என்றேன். நாற்பது பிள்ளைகள் அந்தச் செம்மண்ணில் மூச்சு வாங்க ஓடினார்கள். யாரும் விழவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எனக்கு மட்டும் அழுகையாக வந்தது.